பதினோராவது வினாவின் மாதிரி விடை

அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. புத்தகம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நகலெடுத்துப் பின் அடித்த முப்பத்திரண்டு பக்கம். அட்டையில் 'வணிகப் புள்ளியியல்: வினா வங்கி, மாதிரி விடைகளுடன்' என்று போட்டிருக்கும். தொகுப்பு என்ற இடத்தில் துறைத்தலைவரின் பேர் பெரிய எழுத்தில். கீழே, வினாக்கள் என்ற இடத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில் என் பேர். பதினாலாம் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். முதலில் அவர் மேல் கொதிக்கும். அடுத்த நிமிடமே என் மேல் திரும்பும். அங்கேயே நின்றுவிடும்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பேரில்தான் கௌரவம். ஜூன் மாதம் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. அந்தக் கல்லூரி பழவேற்காட்டில் ஒரு பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படிப்பு மையம் நடத்தியது. வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்டவர்கள், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர்கள் வந்து பி.காம் படிப்பார்கள். நான் அதே ஊர்க்காரி என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் என் தலையில் கட்டினார்கள்.

ஒருநாள் துறைத்தலைவர் ஐந்து பக்கத் தாளை என் முன்னால் வைத்தார். கருதுகோள் சோதனை அத்தியாயத்தின் சுருக்கம், அவரே தட்டச்சு செய்தது. மூல நூலில் அந்த அத்தியாயம் நாற்பது பக்கம். இந்தப் பிள்ளைகளால் நாற்பது பக்கம் படிக்க முடியாது, அதனால்தான் ஐந்தாக்கினேன், நீங்கள் இதிலிருந்து இருபது வினாவும் மாதிரி விடையும் எழுதுங்கள் என்றார். ஒரு நிபந்தனை. சுருக்கத்துக்கு வெளியே ஒரு வரிகூடப் போகக் கூடாது. அதில் இருப்பதுதான் தேர்வில் வரும். மாதிரி விடைதான் திருத்தும்போது விடைக்குறிப்பு.

சுருக்கத்தை வாசித்தேன். முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இன்மைக் கருதுகோள் என்றால் வேறுபாடு இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வது, மாற்றுக் கருதுகோள் என்றால் உண்டு என்பது, ஐந்து சதவீத மட்டம், கணக்கிட்ட மதிப்பு, அட்டவணை மதிப்பு, எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டு சராசரிகளை ஒப்பிட டி சோதனை என்று ஒரே ஒரு சூத்திரம். மூல நூலில் அந்த இடத்தில் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கூட்டத்துக்கு. மற்றது, ஒரே ஆளை அல்லது ஒரே பொருளை இரண்டு முறை அளந்தால் போடுகிற ஜோடி டி சோதனை. இரண்டாவதை அவர் வெட்டிவிட்டிருந்தார். முடிவுக்கு வருகிற இடத்தில் இன்னொரு வரி: 'கணக்கிட்ட மதிப்பு குறைவு எனில் இன்மைக் கருதுகோள் ஏற்கப்படும், அதாவது வேறுபாடு இல்லை.'

இந்த வரி எனக்கு அன்றே உறுத்தியது. மதிப்பு குறைவாக வந்தால், வேறுபாடு உண்டு என்று சொல்ல நம்மிடம் போதுமான சான்று இல்லை என்றுதான் அர்த்தம். வேறுபாடே இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாக அர்த்தமில்லை. திருட்டு நிரூபணமாகவில்லை என்பதற்கும் ஆள் திருடவே இல்லை என்பதற்கும் எவ்வளவு தூரம். நான் வாயைத் திறந்து கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இவ்ளோ நுணுக்கம் இவங்களுக்கு எதுக்கும்மா? பாஸ் பண்ணா போதும்" என்றார். இவங்களுக்கு என்றதில் நானும் சேர்த்திதான். தெரிந்தும் சரி சார் என்று தாள்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வினா எழுதுவது நினைப்பதுபோல் சுலபமில்லை. விடையை முதலில் மனதில் வைத்துக்கொண்டு எண்களைப் பின்னோக்கிப் போட வேண்டும். சராசரி முழு எண்ணாக வர வேண்டும், இல்லாவிட்டால் பாவம், தேர்வறையில் தசமப் புள்ளியோடு மல்லுக்கட்டுவார்கள். வர்க்கங்களின் கூட்டல் சின்னதாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்ட வேண்டும்: கருதுகோள்களுக்கு இரண்டு, சூத்திரத்துக்கு இரண்டு, கணக்குக்கு நான்கு, அட்டவணை மதிப்புக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. எனக்கு அந்த வேலை பிடிக்கும், அதை மறைப்பானேன். மருந்துக் கம்பெனி, மின்விளக்கின் ஆயுள், சிமெண்ட் மூட்டை என்று பத்து வினா எழுதி முடித்தபோது அலுத்துப்போனது. பதினோராவது நம் ஊரைப் பற்றி இருக்கட்டுமே என்று தோன்றியது.

எங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் முகத்துவாரம் இருக்கிறது. மணல் சேர்ந்து அது அடைபடும்போது கடல் தண்ணீர் உள்ளே வராது, இறாலும் வராது. ஏரியைச் சுற்றியிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு படகுகள். முகத்துவாரம் திறந்திருந்தபோது ஒரு பாட்டில் ஒவ்வொரு படகுக்கும் கிடைத்த இறால் எத்தனை கிலோ, அடைபட்ட பிறகு ஒரு பாட்டில் எத்தனை கிலோ. பாடு என்பது ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் வலை போடலாம் என்று ஊர் கூடி வைத்திருக்கும் முறை. எங்கள் ஊரில் கரைக்கு வந்த படகைப் பார்த்து, போன பாட்டுக்கு இந்தப் பாடு எப்படி என்றுதான் கேட்பார்கள். அடுத்த படகோடு ஒப்பிட்டுக் கேட்டால் சண்டை வரும். அந்தப் பழக்கத்தில் யோசிக்காமல் அதே ஆறு படகுகளை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

எண்கள் நானே போட்டவை. திறந்திருந்தபோது: 12, 7, 15, 5, 10, 11. சராசரி பத்து. அடைபட்ட பின்: 10, 6, 12, 4, 8, 8. சராசரி எட்டு. அழகாக வந்தது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு சுருக்கத்தில் இருந்த ஒரே சூத்திரத்தில் தூக்கிப் போட்டேன். விலகல்களின் வர்க்கக் கூட்டல் அறுபத்து நான்கு, நாற்பது. இரண்டையும் சேர்த்துப் பத்தால் வகுத்தால் 10.4. டி மதிப்பு 1.074. எத்தனை எண்கள் என்பதை வைத்து வருகிற டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் பத்து, அதற்கு அட்டவணை மதிப்பு 2.228. குறைவு. முடிவு: 'இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது. எனவே முகத்துவாரம் அடைபட்டதால் இறால் வரவில் மாற்றம் ஏதும் இல்லை.'

இதை எழுதிய கை என் கை. முகத்துவாரம் அடைபட்ட மாதங்களில் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, வெறும் வலையோடு திரும்பி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, காற்புள்ளி சரியா என்று பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

வினா வங்கி அச்சாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மையத்தில் கொடுத்தோம். அந்த வகுப்பில், ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துக்காரி ஒருத்தி இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பத்தாவது முடிந்ததும் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பிறகு பன்னிரண்டாவதை எழுதித் தேறி இங்கே சேர்ந்தாள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிகமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வேலை நிரந்தரமாக ஒரு பட்டம் வேண்டும். எல்லாத் தாளும் முடித்துவிட்டாள், புள்ளியியல் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. பழைய பாடத்திட்டம் போகிறது, இந்த முறை எழுதுவதுதான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தவறினால் முதலிலிருந்து சேர வேண்டும். சங்கம் அதுவரை காத்திருக்காது.

பதினோராவது வினாவைப் பலகையில் போட்டு முடித்தபோது அவள் கை தூக்கவில்லை, நேராகப் பேசினாள். வகுப்பில் மற்றவர்களுக்காக என்னை மேடம் என்பாள், அன்று அதுவும் வரவில்லை.

"இன்னா எழுதிகீற? ஆறு படகுக்கும் கொறஞ்சிகீது. ஒண்ணு கூட ஏறல. மாற்றம் இல்லன்னு எப்டி வரும்?"

சராசரியில் வித்தியாசம் இரண்டு கிலோதான், படகுக்குப் படகு ஏற்ற இறக்கம் அதைவிட அதிகம், அதனால் அந்த இரண்டு கிலோ தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று விளக்கினேன். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே சொன்னேன். அவள் விடவில்லை.

"பதினஞ்சு கிலோ புடிக்கிற படகுல நாலு பேரு, பெரிய வலை. அஞ்சு கிலோ படகுல ரெண்டு பேரு, கிழிஞ்ச வலை. அது எப்பவும் அப்டித்தான். அத்த எதுக்கு இதுல கொண்டாந்து கலக்குற? அந்தந்தப் படக அந்தந்தப் படகோட பாரு. நம்ம ஊர்ல யாரு இப்டி கேப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பலகையை அழித்தேன். வெளியே வந்து, டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரம் நிழலில் நின்று வினா வங்கியின் பின்னட்டையில் போட்டுப் பார்த்தேன். படகுவாரியாக வித்தியாசம்: 2, 1, 3, 1, 2, 3. சராசரி இரண்டு. அந்த வித்தியாசங்களுக்குள் ஏற்ற இறக்கம் கொஞ்சம்தான், திட்டப் பிழை 0.365. டி மதிப்பு 5.48. ஐந்து டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்துக்கு அட்டவணை மதிப்பு 2.571. அட்டவணையைத் தூக்கி அடித்துவிட்டது. ஒரே படகை இரண்டு முறை அளந்திருக்கிறேன், அது ஜோடி டி சோதனைக்கான கணக்கு. எம்.எஸ்சி படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது அது. சங்கத்தில் நண்டு எடை போட்டுக் கணக்கு எழுதிவிட்டு வகுப்புக்கு வந்தவளுக்குத் தெரிந்தது. ஒரு பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் துறைத்தலைவரிடம் போனேன். பக்கத்தைக் காட்டி, தப்பு என்னுடையது, ஒரு திருத்தத் தாள் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் கணக்கைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அதுதான் இன்றுவரை பொறுக்கவில்லை. புரியாதவராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். புரிந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, ஜோடி சோதனை சுருக்கத்தில் இல்லையே, நீங்கள் ஏன் அப்படி வினா எழுதினீர்கள் என்று கேட்டார். எழுதியது தப்புதான் சார், அதனால்தான் திருத்தம் என்றேன். அச்சானது அச்சானதுதான், தேர்வுப் பிரிவுக்கும் அனுப்பியாயிற்று, இப்போது திருத்தம் என்று போனால் துறையின் மானம் போகும் என்றார்.

"மாதிரி விடைல என்ன இருக்கோ அதுதான் விடை. நீங்க போய் கிளாஸ் எடுங்க" என்றார். பிறகு, ஜூனில் எத்தனை பேரைக் கூப்பிடப் போகிறோம் என்று இன்னும் முடிவாகவில்லை என்று சம்பந்தமில்லாமல் ஒரு வரி. சம்பந்தம் எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டு, நீ சொன்னதுதான் சரி என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை, எப்படிச் சரி என்று காட்டச் சொன்னாள். ஒரு தாளில் ஜோடி சோதனையைப் போட்டுக் காட்டினேன். வித்தியாசம் எடு, சராசரி எடு, விலகல் எடு, திட்டப் பிழையால் வகு. கால்மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். வேறொரு எண் வரிசை கொடுத்தேன், அதையும் போட்டாள். இரண்டு முறை தோற்ற தாள் இவளுக்குக் கஷ்டமே இல்லை, எங்கள் சுருக்கங்கள்தான் கஷ்டமாக்கியிருந்தன என்று அப்போது புரிந்தது.

அதன் பிறகு நான் சொன்னதை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இது சரி, ஆனால் தேர்வில் வந்தால் புத்தகத்தில் இருக்கிறதையே எழுது, விடைக்குறிப்பு அதுதான், உனக்கு இது கடைசி வாய்ப்பு என்றேன். நல்லதுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அவள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முகத்துவாரம் அடைஞ்சா மாற்றம் இல்லன்னு என் கையால எழுதணுமா?" என்றாள். எழுதினால் பத்து மதிப்பெண் என்றேன். சரி என்று போய்விட்டாள்.

தேர்வில் பதினோராவது வினா அப்படியே வந்தது. எண்களைக்கூட மாற்றவில்லை. வினா எடுத்தவர் யாரோ, வினா வங்கியைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்.

விடைத்தாள் திருத்த என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய ஹால், வரிசையாக மேசைகள், ஆளுக்கு ஒரு கட்டுத் தாள், ஒரு சிவப்புப் பேனா, ஒரு விடைக்குறிப்பு. விடைக்குறிப்பு என்பது என் மாதிரி விடையின் நகல். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு ஒரு எண்தான் போட்டிருப்பார்கள், யார் தாள் என்று தெரியாது. பதினோராவது வினாவுக்கு எல்லோரும் 1.074 எழுதியிருந்தார்கள். மாற்றம் ஏதும் இல்லை, மாற்றம் ஏதும் இல்லை என்று தாள் தாளாக என் வாக்கியமே என்னைப் பார்த்து வந்தது. ஏரிக்கரைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதியது. ஒவ்வொன்றுக்கும் பத்து போட்டேன்.

பிறகு அந்தத் தாள் வந்தது. 2, 1, 3, 1, 2, 3 என்று வித்தியாசங்களை ஒரு பத்தியில் எழுதி, 5.48 என்று கட்டம் கட்டி, கீழே இப்படி எழுதியிருந்தது: 'இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது. முகத்துவாரம் அடைபட்ட பின் அதே படகுகளுக்கு வரவு குறைந்துள்ளது, இது தற்செயல் என்று தோன்றவில்லை. பருவம் போன்ற வேறு காரணமும் சேர்ந்திருக்கலாம், அதை இந்தச் சோதனை சொல்லாது.' கடைசி வரியை நான் சொல்லித் தரவில்லை. அவளே யோசித்தது. எந்தப் பேராசிரியரும் கையெழுத்துப் போடக்கூடிய விடை.

மற்ற வினாக்களைக் கூட்டினேன். முப்பத்து மூன்று. தேர்ச்சிக்கு நாற்பது. பத்து போட்டால் நாற்பத்து மூன்று.

யாருடைய தாள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று வைத்துக்கொண்டாலும் விடை சரி. அந்த ஹாலில் அந்த விடை சரி என்று தெரிந்த ஆட்களில் ஒருத்தி நான். அந்த நேரத்தில் தலைமைத் தேர்வாளராகத் துறைத்தலைவர் மேசைகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார். பத்துக்கு ஒரு தாளை எடுத்துப் பார்ப்பார். விடைக்குறிப்பின்படி கருதுகோள்களுக்கு இரண்டு கொடுக்கலாம், சூத்திரம் வேறு, கணக்கு வேறு, முடிவு வேறு. என் பேனா 2 என்று போட்டது. பேனாவின் மேல் பழி போடுகிறேன் பாருங்கள். நான்தான் போட்டேன். மொத்தம் முப்பத்தைந்து. தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவர் என் மேசையைத் தாண்டிப் போனார், எதையும் எடுத்துப் பார்க்கவில்லை.

முடிவுகள் வந்து பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏரியைத் தாண்டி வந்த ஈரம் சேலைக் கரையில் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் அவளுடைய விடைத்தாளின் நகல். விண்ணப்பித்தால் கொடுப்பார்கள். பதினோராவது வினாவின் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் நீட்டினாள். ஓரத்தில் ஒரு 2. நான் 2 எழுதும்போது அடியில் ஒரு சுழி போடுவேன். ஆறாம் வகுப்பிலிருந்து என் நோட்டைப் பார்த்து எழுதியவளுக்கு அது தெரியாதா.

"இது ஒன்னோட ரெண்டுதான?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"கணக்கு தப்பா?"

இல்லை, சரி என்றேன். விடைக்குறிப்பில் அப்படித்தான் இருந்தது என்று ஆரம்பித்தேன்.

"குறிப்ப எழுதுனதும் நீதான?"

உள்ளே நைனா வானொலியில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தார். அவள் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், நான்தான் சொன்னேனே, புத்தகத்தில் உள்ளதை எழுது என்று. அவள் அந்த இடமே கொடுக்கவில்லை.

"நான் ஒன்ன திட்ட வரல. மறுமதிப்பீட்டுக்குப் போடப் போறேன். நீ எழுதுன விடை தப்புன்னு நீயே எழுதி, கையெழுத்து போட்டுக் குடு" என்றாள்.

சங்கத்தில் இன்னும் ஒரு மாதம்தான் பொறுப்பார்கள் என்பதையும் சொன்னாள். நான் ஜூன் மாதத்தை நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல, அப்போதும் அதை நினைத்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை சரியான ஆள் மேல் வந்தது. இவளை நிற்க வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தைக் கணக்குப் போடுகிற என் மேலேயே. தாளை எடுத்தேன்.

மன்னிப்புக் கடிதம் எழுதத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது வினாவும் மாதிரி விடையும்தான். அதையே எழுதினேன். வினாவை அப்படியே போட்டேன். இரண்டு அளவுகளும் அதே ஆறு படகுகளுடையவை, ஆகவே இவை சார்பற்ற கூட்டங்கள் அல்ல, ஜோடி டி சோதனையே பொருந்தும் என்று முதல் வரி. கணக்கு முழுவதும். 5.48, 2.571. வினா வங்கியில் உள்ள மாதிரி விடையையும் விடைக்குறிப்பையும் எழுதியவள் நானே, அது பிழை, அச்சான பிறகு துறைத்தலைவரிடம் இதைத் தெரிவித்தேன், திருத்தப்படவில்லை, தெரிந்தும் இந்தத் தாளில் இரண்டு மதிப்பெண் போட்டவளும் நானே. இந்த விடைக்கு உரியது பத்து. கீழே என் பேர், பெரிய எழுத்தில். அவள் படித்துப் பார்த்து, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தை விட்டுட்டியே என்றாள். ஐந்து என்று சேர்த்தேன்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அதை வெளிக்கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினார். அவருக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடித்திருக்காது. நாற்பத்து மூன்று என்று திருத்திய மதிப்பெண் பட்டியல் வந்தது. சங்கத்தில் அவள் வேலை நிரந்தரமானது. அதே வினாவுக்கு 1.074 எழுதிப் பத்து வாங்கியவர்களின் மதிப்பெண்ணை யாரும் தொடவில்லை, தொடவும் கூடாது, அவர்கள் என்னை நம்பி எழுதியவர்கள். ஜூனில் எனக்கு அழைப்பு வரவில்லை. துறைத்தலைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஆரம்பாக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறேன். சுருக்கம் எதையும் கையால் தொடுவதில்லை.

அடுத்த வருடம் பசியாவரத்துக்காரி அங்கே வந்து ஒரு புத்தகத்தை என் மேசையில் போட்டாள். ஞாயிறு மையத்தில் சேர்ந்திருக்கும் அவளுடைய நாத்தனாருக்குக் கொடுத்த புதிய பதிப்பு. அட்டை நிறம் மாறியிருந்தது. தாள் நல்ல தாள். பதினாலாம் பக்கத்தைத் திருப்பினேன். ஆறு படகுகள், 1.074, முகத்துவாரம் அடைபட்டதால் இறால் வரவில் மாற்றம் ஏதும் இல்லை. ஒரு எழுத்து மாறவில்லை. நான் அட்டைக்குத் திரும்பினேன். தொகுப்பு என்ற இடத்தில் அவர் பேர் இருந்தது. அதற்குக் கீழே கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தும் பார்த்தேன். பிழையை விட்டுவிட்டு என் பேரை மட்டும் எடுத்திருந்தார்கள்.